பெயர் சொல்லாமல் கூட்டக் குறிப்பு எழுதுவது: ஒரு மீன் இறங்குதளக் கலந்துரையாடலை வைத்து முழு வழிகாட்டி

ஒரு கடலோர ஊரில் மீன் இறங்குதளம் கட்டப்போகிறார்கள். வரைபடம் முடிவாகும் முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்க ஒரு குழு வருகிறது. மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஏலத்தில் கமிஷன் அதிகமாகப் பிடிக்கிறார்கள் என்கிறார் ஒருவர். அவர் தினமும் கடனுக்கு மீன் எடுப்பதும் அதே ஏலக்காரரிடம்தான். யார் சொன்னது என்பது குறிப்பு வழியாக ஊருக்குள் தெரிந்துவிட்டால், மறுநாள் விடிகாலையில் அவருக்குக் கடன் இல்லை, மீனும் இல்லை.

இப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் பெயர் சொல்லாத குறிப்பு தேவைப்படுகிறது. யார் பேசினார் என்பதை விட்டுவிட்டு, என்ன பேசப்பட்டது என்பதைத் தலைப்பு வாரியாக எழுதுவது இதன் முறை. கேட்க எளிதாக இருக்கும். பெயரை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் சின்ன ஊரில் ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பெயர் இல்லை, அவர் சொன்ன விவரம்தான். அதே சமயம், காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்து விவரத்தையெல்லாம் உருவிவிட்டால் பொறியாளருக்குப் பயன்படாத வெற்றுக் குறிப்பாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படிப் போவது என்பதை இந்த ஊரை வைத்தே பார்க்கலாம். ஊரும் பேச்சும் விளக்கத்துக்காக நான் கட்டியவை. ஆனால் அதில் வரும் சிக்கல்கள் கடலோர ஊர்களில் வேலை செய்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

முதலில், இது எந்த வகைக் கூட்டம்?

எல்லாக் கூட்டத்துக்கும் இந்த முறை பொருந்தாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் வீடியோவில் பதிவாகிறது. முடிவில் பேச்சின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும், ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். அங்கே ஒருவர் எழுந்து எதிர்ப்புச் சொல்கிறார் என்றால், தன் எதிர்ப்பு தன் பெயரிலேயே பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறார். பின்னால் வழக்கு என்று போனால் அது அவருக்குக் கைகொடுக்கும். அங்கே போய்ப் பெயரை மறைப்பது அவருக்குச் செய்யும் கெடுதல். சட்டப்படியான கூட்டமா, கருத்தறியும் கலந்துரையாடலா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நம்முடையது இரண்டாவது வகை. ஃபோகஸ் குரூப் டிஸ்கஷன் என்பதைச் சுருக்கி, களத்தில் எல்லோரும் இதை எஃப்.ஜி.டி. என்றே சொல்வார்கள். ஆறிலிருந்து பத்துப் பேர், ஒரு நெறியாளர், ஒரு குறிப்பாளர், ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான்.

இதோடு ஒட்டி அடிக்கடி ஒரு பெயர் அடிபடும்: சாத்தம் ஹவுஸ் விதி. லண்டனில் உள்ள ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்தது, 1992-இலும் 2002-இலும் திருத்தியது. கூட்டத்தில் கேட்டதை வெளியே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும், வேறு யாரெல்லாம் கலந்துகொண்டார்கள் என்பதையும் வெளியிடக் கூடாது. கடைசிப் பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் பக்கத்தில் இந்த விதிப்படி நடந்த கூட்டம் என்று எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் கைபேசி எண்ணோடு வருகைப் பதிவேட்டை இணைத்துவிடுவார்கள். பயணப்படி கொடுத்ததற்குக் கணக்கு காட்டக் கையெழுத்துத் தாள் வேண்டும், அது சரி. அந்தத் தாள் கணக்குக் கோப்போடு இருக்கட்டும், குறிப்போடு சேர வேண்டாம்.

யாரை யாரோடு உட்கார வைப்பது

குறிப்பு எழுதும் வேலை ஆள் அழைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. எட்டுப் படகு உரிமையாளர்களோடு ஒரே ஒரு மீன்கார அம்மாவை உட்கார வைத்தால், பிறகு எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும் பெண்கள் தரப்பில் சொன்னது எல்லாம் அவர் சொன்னதுதான் என்று ஊருக்கே தெரியும். அதனால் உரிமையாளர்கள் ஒரு குழு, படகில் போகும் கூலித் தொழிலாளர்கள் ஒரு குழு, மீன் விற்கும் பெண்கள் ஒரு குழு என்று பிரியுங்கள். எந்தக் குழுவிலும் ஒரு வகைக்கு ஒரே ஆள் என்ற நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்வளத் துறை அலுவலர், ஊர்ப் பஞ்சாயத்தார், ஏல முதலாளி ஆகியோரின் கருத்தும் வேண்டும்தான். அவர்களைத் தனியாகச் சந்தியுங்கள். வாசலில் பஞ்சாயத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் உள்ளே பேச்சு வராது.

உட்கார்ந்ததும் குறிப்பாளர் ஒரு துண்டுத் தாளில் இருக்கை வரைபடம் போட்டு வி1 முதல் வி9 வரை எண் கொடுத்துவிட வேண்டும். ‘வி’ என்றால் விற்பனையாளர், வேறு பொருள் இல்லை. பெயர் எழுதப்போவதில்லை என்றால் எண் எதற்கு? ஒரே ஆள் நான்கு தடவை சொன்னதா, நான்கு பேர் ஒவ்வொரு தடவை சொன்னதா என்று பிறகு பிரித்துப் பார்க்க. எண் இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுபவரின் கருத்து ஊர்க் கருத்தாகிவிடும்.

தொடக்கத்தில் சொல்ல வேண்டியது

வாக்குறுதியைப் பெரிதாகக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடிந்ததை மட்டும் கொடுங்கள். இப்படிச் சொல்லலாம்:

“அக்கா, நீங்க சொல்றத நாங்க எழுதிக்குவோம். யார் சொன்னாங்கன்னு எழுத மாட்டோம். எழுதினத மறுபடி இங்க வந்து உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவோம், அதுக்கப்புறம்தான் மேல அனுப்புவோம். இங்க பேசினத வெளிய யாரும் பேச வேண்டாம்னு உங்களையும் கேட்டுக்கறோம். ஆனா மத்தவங்க வாய்க்கு எங்களால பொறுப்பேத்துக்க முடியாது. அதனால சொல்ல வேண்டாம்னு தோணுறத சொல்லாம விட்டுரலாம். தப்பில்ல.”

கடைசி மூன்று வாக்கியங்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அறைக்குள் ஒன்பது காதுகள் இருக்கின்றன. நம் தாளுக்கு மட்டும்தான் நாம் உத்தரவாதம் தர முடியும்.

இன்னொரு வரம்பும் உண்டு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். ரகசியம் காப்போம் என்று சொல்லும்போதே, குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சும்மா இருக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ரெக்கார்டர் வைக்கலாமா என்று எல்லோரிடமும் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் வைக்க வேண்டாம். யார் தயங்கினார் என்பதைப் பெரிதுபடுத்தாமல், ‘சரி, கையாலயே எழுதிக்கறோம்’ என்று நகர்ந்துவிடுங்கள்.

பேசும்போது எழுதுவது

இந்தக் கட்டத்தில் சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். அலுவலகத் தமிழுக்கு மாற்றும் வேலை இப்போது வேண்டாம், மாற்றும்போதே பாதிப் பொருள் போய்விடும். நம் கூட்டத்தின் களக் குறிப்பில் ஒரு பகுதி இப்படி இருக்கிறது:

10.40. வி3: “நூத்துக்கு அஞ்சுன்னு சொல்றாங்க, பத்து பிடிக்கிறாங்க. கேட்டா நாளைக்கு மீன் இல்லம்பாங்க.” வி1, வி6 தலையாட்டல். வி8 தரையைப் பார்க்கிறார்.

10.42. வி5: “எல்லாரையும் அப்படிச் சொல்லாத. எம் பொண்ணு கல்யாணத்துக்குக் கடன் குடுத்ததே அவருதான்.”

10.44. வி3 மீண்டும் கமிஷன்.

10.50. வி7: “ஏலக்கூடம் கட்டுறது சரி. அதுக்குள்ள நாங்க உக்கார எடம் இருக்கா?” பலரும் ஒரே நேரத்தில் பேச்சு, சிரிப்பு. வி1, வி2, வி4, வி6, வி9 இடம் வேண்டும் என்கிறார்கள்.

10.55. வி2: “தூண்டில் வளைவு போட்டப்புறம் வடக்குத் தெருப் பக்கம் கரையே காணோம். இப்ப எங்க வீடுதான் கடைசி வீடு.”

11.05. வி4: “காலைல மூணு மணிக்கு வர்றோம். கக்கூஸ் கெடையாது. பன்னண்டு மணி வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறோம்.” ஒன்பது பேரும் ஆமாம்.

தூண்டில் வளைவு என்பது கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டும் கல் தடுப்பு. தலையாட்டல், மறுப்பு, மௌனம் மூன்றையும் குறித்திருப்பதைக் கவனியுங்கள். வார்த்தையை மட்டும் எழுதியிருந்தால் 10.40-இல் ஒரு ஆள் சொன்னது என்றே நின்றிருக்கும். வி8 தரையைப் பார்த்ததற்கு இப்போதே காரணம் கற்பிக்க வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

கூட்டம் முடிந்த அன்றே நெறியாளரும் குறிப்பாளரும் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து விடுபட்டதை நிரப்ப வேண்டும். அடுத்த நாளைக்குத் தள்ளினால் யார் தலையாட்டினார் என்பது மறந்துபோகும். ஊர் முனை டீக்கடையில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். வண்டியில் ஏறி ஊரைத் தாண்டிய பிறகு பேசுங்கள்.

தலைப்பு பிரிப்பது

ஒவ்வொரு கருத்தையும் ஒரு சீட்டில் எழுதுங்கள், அல்லது எக்செல் தாளில் ஒரு வரியாக இடுங்கள். பேச்சு, எண், யார் ஆமோதித்தார், யார் மறுத்தார், எந்தத் தலைப்பு என ஐந்து பத்திகள் போதும்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, நாம் கேட்ட கேள்விகளையே தலைப்புகளாக்குவது. நாம் கேட்டது ‘ஏலக்கூடம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?’ என்று. அவர்கள் பேசியது கமிஷன் பற்றியும் உட்கார இடம் பற்றியும். ‘ஏலக்கூடத்தின் அளவு’ என்று தலைப்பிட்டால் இந்த இரண்டும் அதில் பொருந்தாமல் ‘மற்றவை’க்குள் போய்விடும். மற்றவையில் சீட்டு குவிகிறது என்றால் தலைப்புகள் தப்பு என்று அர்த்தம். கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். நெறியாளரும் குறிப்பாளரும் தனித்தனியாக ஒரு முறை அடுக்கிவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இருவரும் வேறு வேறு இடத்தில் வைத்த சீட்டுகளில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கும்.

தலைப்பை ஒற்றைச் சொல்லில் வைக்காதீர்கள். ‘ஏலம்’ என்றால் எதையும் போடலாம். ‘ஏலத்தில் கமிஷனும் கடனும்’, ‘ஏலக்கூடத்துக்குள் பெண்களுக்கான இடம்’, ‘தூண்டில் வளைவுக்குப் பிந்தைய கரை அரிப்பு’, ‘கழிப்பறையும் தண்ணீரும்’ என்று எழுதினால் உள்ளே என்ன வரும் என்பது தெளிவாகிவிடும். ஒரு குழுவுக்கு ஐந்து, ஆறு தலைப்புக்கு மேல் போனால் படிப்பவருக்குச் சிதறலாகத் தெரியும்.

சீட்டுகளை அடுக்கி, எண்ணிப் பார்த்து முடித்ததும் வி1, வி2 என்ற எண்களை விட்டுவிட வேண்டும். சிலர் இவற்றை இறுதிக் குறிப்பிலும் வைக்கிறார்கள், பெயர் இல்லையே என்ற தைரியத்தில். அது பெயரைப் போடுவதற்குச் சமம். கரை அரிப்பு பற்றிச் சொன்ன வி2-இன் வீடு கடைசி வீடு என்பதால் அவர் யார் என்று ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அதற்கப்புறம் மற்ற பக்கங்களில் வி2 என்று எங்கெல்லாம் வருகிறதோ அதெல்லாம் அவர் பேசியது என்று ஆகிவிடும். ஒரு விவரம் மாட்டினால் ஒரு ஆளின் மொத்தப் பேச்சும் மாட்டிக்கொள்ளும். ‘ஒரு பங்கேற்பாளர்’, ‘அதே பங்கேற்பாளர் மேலும் கூறுகையில்’ என்று எழுதுவதும் இதே சங்கிலியைத்தான் உண்டாக்குகிறது.

எழுதும் மொழி

எழுதத் தொடங்கும் முன் அளவுச் சொற்களை முடிவுசெய்து, குறிப்பின் முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள். நான் வைத்துக்கொள்வது இது: எல்லோரும் வாய்விட்டோ தலையாட்டியோ ஒப்புக்கொண்டால் மட்டும் ‘அனைவரும்’. பாதிக்கு மேல் ‘பெரும்பாலோர்’. மூன்று பேரிலிருந்து பாதி வரை ‘சிலர்’. அதற்குக் கீழே ‘ஒரு கருத்தாக’ என்று வரும். சதவீதம் போடவே கூடாது. ஒன்பது பேரில் ஆறு பேரை 67 சதவீதம் என்று எழுதினால், படிப்பவர் அதை ஊருக்கே பொருத்திப் பார்ப்பார்.

கமிஷன் விஷயத்தை எழுதிப் பார்க்கலாம். பயந்தவர் எழுதினால் இப்படி வரும்: ‘கமிஷன் குறித்துப் பல்வேறு கருத்துகள் தெரிவிக்கப்பட்டன.’ யாருக்கும் ஆபத்தில்லை, யாருக்கும் பயனும் இல்லை. அவசரப்பட்டவர் எழுதினால்: ‘ஏலக்காரர்கள் அறிவித்ததைப்போல் இரு மடங்கு கமிஷன் பிடிக்கிறார்கள்.’ இது இன்னும் மோசம். அவர்கள் சொன்ன கருத்து நம்முடைய கண்டுபிடிப்பாக மாறிவிட்டது. ‘பிடிப்பதாக’, ‘என்ற’ போன்ற ஒட்டுகள் சின்னவைதான், ஆனால் கருத்தையும் உண்மையையும் பிரித்து வைப்பது அவைதான். ஒரு வாக்கியத்திலும் அவை விட்டுப்போகக் கூடாது.

நான் எழுதுவது இப்படி இருக்கும்:

*ஏலத்தில் கமிஷனும் கடனும்: அறிவிக்கப்பட்ட விகிதத்தைவிடக் கூடுதலாகக் கமிஷன் பிடிக்கப்படுவதாகச் சிலர் கருதினர். இதைக் கேட்டால் மறுநாள் மீன் கிடைக்காமல் போகலாம் என்ற அச்சமும் பேச்சில் வந்தது. இதற்கு மாறாக, ஏலம் விடுபவர்கள் அவசரத் தேவைக்குக் கடன் தந்து உதவுகிறார்கள், எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு கருத்தாகச் சொல்லப்பட்டது. இந்தப் பேச்சில் அனைவரும் கலந்துகொள்ளவில்லை. குழு ஒரு முடிவுக்கு வரவில்லை.*

‘நூத்துக்குப் பத்து’ இதில் இல்லை. ஒருவர் மட்டும் சொன்ன எண் அது, யாரும் சரிபார்க்கவில்லை. மகள் கல்யாணம் ‘அவசரத் தேவை’ ஆகிவிட்டது, ஏனென்றால் யார் கடன் வாங்கிக் கல்யாணம் செய்தார் என்பது ஊருக்குத் தெரியும். வி5-இன் மறுப்பை மட்டும் விடவில்லை. அது ஒரே குரல்தான். ஆனால் கமிஷனும் கடனும் பின்னிக் கிடப்பதை அதுதான் காட்டுகிறது. கடனுக்கு மாற்று வழி செய்யாமல் கமிஷனை மட்டும் ஒழுங்குபடுத்தினால் இந்தப் பெண்களுக்கே இடைஞ்சல் வரலாம் என்பது திட்டம் போடுபவருக்குப் புரிய வேண்டும்.

வி3, வி1, வி6 என மூன்று பேர் என்பதால்தான் ‘சிலர்’. ஒன்பது பேரும் சொல்லியிருந்தால்? அப்போது ‘அனைவரும்’ என்று எழுதக் கூடாது. கூட்டத்துக்கு யார் யார் போனார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அனைவரும் சொன்னார்கள் என்றால் ஒன்பது பேரையும் ஒரேயடியாகக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இந்த மாதிரி ஆபத்தான தலைப்பு என்றால் இரண்டு மூன்று குழுக்களின் பேச்சைச் சேர்த்து, பல ஊர்களில் கூட்டம் நடந்திருந்தால் அவற்றையும் சேர்த்து, பொதுவாக எழுதுங்கள். கழிப்பறை விஷயத்துக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. அங்கே ‘அனைவரும்’ என்று அழுத்தமாகவே எழுதலாம். வி4 சொன்னதை மேற்கோளாகவே போடலாம். அந்த ஒன்பது பேரில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்க முடியும், சொன்னவருக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது. ஒரு மேற்கோளை எடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு இந்த இரண்டும்தான் அளவுகோல்.

இன்னொன்று, ‘தெரிவிக்கப்பட்டது’ என்றே எல்லா வாக்கியமும் முடிந்தால் படிப்பவர் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். ஆளை விட்டுவிட்டுக் கருத்தையே எழுவாயாக வையுங்கள். ‘ஏலக்கூடத்துக்குள் கூடையோடு உட்கார இடம் வேண்டும் என்பதுதான் இந்தக் கூட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது, பெரும்பாலோர் அதை வலியுறுத்தினர்’ என்று எழுதலாம்.

ஆள் தெரிகிறதா என்று சோதிப்பது

கரை அரிப்புச் சீட்டுதான் இதில் சிக்கலானது. கடைசி வீடு என்பதை எடுத்துவிட வேண்டும், அதில் கேள்வியே இல்லை. தெருப் பெயரும் வேண்டாம். ‘வடக்கு’ என்ற திசையையும் சேர்த்து எடுத்துவிட்டால் என்ன? எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். எனவே வடக்கே அரிக்கிறது என்பது பொறியாளருக்கு அவசியமான தகவல். இப்படி எழுதலாம்: ‘தூண்டில் வளைவு அமைத்த பிறகு அதற்கு வடக்கே கரை அரிப்பு கூடியிருப்பதாகவும், குடியிருப்பு வரை கடல் நெருங்கிவிட்டதாகவும் ஒரு கருத்து வந்தது. நேரில் அளந்து பார்க்க வேண்டும்.’ கடைசி வரி நம்முடையது. தவறாகப் படிக்காமல் இருக்க அதை அடைப்புக்குறிக்குள் ‘குறிப்பாளர்’ என்று அடையாளமிட்டுத் தனியாகப் போடுங்கள்.

முழுக் குறிப்பும் தயாரானதும், கூட்டத்துக்கு வராத, ஆனால் ஊரை நன்றாகத் தெரிந்த ஒரு களப்பணியாளரிடம் கொடுங்கள். உங்கள் அமைப்பைச் சேர்ந்தவராக இருக்கட்டும், ஊர்க்காரராக வேண்டாம். ஒவ்வொரு பத்தியையும் காட்டி, ‘இதை யார் சொல்லியிருப்பார்?’ என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் பத்தியைத் திருத்த வேண்டும். தப்பாக, ஆனால் அடித்துச் சொல்கிறார் என்றாலும் திருத்தத்தான் வேண்டும். சொல்லாத ஒருவர் மேல் பழி விழுவதும் அதே அளவு மோசம். ‘யாரும் சொல்லியிருக்கலாம்’ என்ற பதில் வரும்போதுதான் விட வேண்டும்.

பெயர் வர வேண்டிய இடங்கள்

மக்களின் கருத்துக்குத்தான் இந்த மறைப்பு. கூட்டத்தில் நாம் கொடுத்த வாக்குக்கு இல்லை. ‘வரைபடத்தை இரண்டு வாரத்தில் கொண்டுவந்து காட்டுகிறோம்’ என்று நெறியாளர் சொல்லியிருந்தால், யார், எந்தத் தேதிக்குள் என்பதைப் பதவியோடு தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு துறையின் நிலைப்பாட்டை அதன் அலுவலர் சொல்லியிருந்தால், அவருடைய ஒப்புதலோடு துறையின் பெயரில் எழுதலாம்.

பேச்சில் ஒரு ஏலக்காரரின் பெயரோ அதிகாரியின் பெயரோ அடிபட்டால் அதையும் எடுத்துவிட வேண்டும். பதில் சொல்ல அவர் அந்த அறையில் இல்லை. புகார் கொடுக்க விரும்புபவருக்குக் கூட்டம் முடிந்ததும் தனியாக வழி சொல்லுங்கள். கருத்தறியும் குறிப்பு புகார் மனுவாகாது.

திரும்பப் போய் வாசிப்பது

எழுதியதை அதே குழுவிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், நிறுத்தி நிறுத்தி, தலைப்பு தலைப்பாக. ஆங்கில அறிக்கை தேவை என்றால் அது இந்த வாசிப்புக்குப் பிறகுதான். விட்டுப்போனது உண்டா, தப்பாக இருக்கிறதா, எடுத்துவிட வேண்டியது உண்டா என்று கேளுங்கள். எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

எல்லோர் முன்னாலும் ‘நான் அப்படிச் சொல்லலியே’ என்று ஒருவர் திருத்தினால், அது யார் கருத்து என்று அவரே சொல்லிவிட்டதாகிவிடும். அதனால் வாசிக்கத் தொடங்கும் முன்பே, தனியாகச் சொல்ல விரும்புபவர்கள் அன்று மாலைக்குள் போனில் சொல்லலாம் என்று எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

ஏலக்கூடத்து இடம் பற்றிய பத்தியை வாசிக்கும்போது, உட்கார இடம் மட்டும் போதாது, மிஞ்சிய மீனை வைக்க ஐஸ் பெட்டிக்கும் இடம் வேண்டும் என்று யாராவது சேர்ப்பார்கள். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசிப்பின்போது வந்தது என்று குறித்துவையுங்கள். முதல் கூட்டத்தில் எதைத் தானாகப் பேசினார்கள் என்பதும் ஒரு தகவல்.

கோப்பை அனுப்பும் முன்

வேர்ட் கோப்பில் நீங்கள் அழித்த வரிகளும் ஓரக் குறிப்புகளும் ஒளிந்திருக்கலாம். ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தியிருந்தால் ‘வி2-இன் வீடு’ என்ற பழைய வரி அப்படியே உள்ளே கிடக்கும். எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுவிட்டு, இந்த வழியாகச் சென்று சோதியுங்கள்:

```
File > Info > Check for Issues > Inspect Document
```

அது காட்டும் கமென்ட்டுகள், திருத்தங்கள், எழுதியவர் விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். அட்டையில் கூட்டத்தின் புகைப்படம் வேண்டாம். உள்ளே பெயரை மறைத்துவிட்டு வெளியே ஒன்பது முகங்களைப் போடுவதில் அர்த்தமில்லை. களக் குறிப்பைப் படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கமும் வேண்டாம். அது எத்தனை போனில் தங்கும் என்பது யாருக்கும் தெரியாது.

முதல் பக்கத்தில் எந்த மாதம், எந்த வகைக் குழு, எத்தனை பேர், அளவுச் சொற்களின் பொருள், வாசித்துக் காட்டிய விவரம் ஆகிய ஐந்தும் போதும். ஒலிப்பதிவு இருந்தால், குறிப்பைக் குழு ஏற்றுக்கொண்ட பிறகு எந்தத் தேதியில் அழிப்பது, யார் அழிப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து எழுதிவையுங்கள். ரெக்கார்டரில் அழித்தவர் கணினியில் ஏற்றிய நகலையும் கிளவுடில் தானாகப் போய்ச் சேர்ந்த நகலையும் தேடி அழிக்க வேண்டும். இருக்கை வரைபடத் துண்டையும் அன்றே கிழித்துவிடலாம்.